கஃபே ஃபிரான்சைஸ் கேட்டு ஒரு தம்பதியின் கடிதம்

ஒரு கஃபே நிறுவனத்தின் பெயரில் கடை நடத்த விரும்புகிறவர்கள், அந்த நிறுவனம் தரும் ஃபிரான்சைஸ் படிவத்தை நிரப்பி, அதன் மேல் ஒரு பக்கக் கடிதம் வைத்து அனுப்புவது வழக்கம். படிவத்தில் பெயர், வயது, ஊர், சொத்து மதிப்பு என்று கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காத இரண்டு விஷயங்களைக் கடிதம் சொல்ல வேண்டும். கடை திறக்கவும், திறந்த பிறகு முதல் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கவும் பணம் எங்கிருந்து வரும் என்பது ஒன்று. அன்றாடம் கடையில் நிற்கப்போவது யார், அவருக்கு என்ன வேலை தெரியும் என்பது மற்றொன்று.

கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது நிறுவனத்துக்குச் சாதகமும் உண்டு, தயக்கமும் உண்டு. ஒருவர் கடையையும் மற்றவர் கணக்கையும் பார்த்துக்கொண்டால் சம்பளத்துக்கு மேலாளர் தேவையில்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வேலையை விட்டுவிட்டால், வீட்டுச் செலவும் கடையின் கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். பால்காரருக்கும் பணியாளர்களுக்கும் போக வேண்டிய பணம் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். கடிதத்தைப் படிக்கும் அதிகாரி முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு திருச்சித் தம்பதியை வைத்துக்கொள்ளலாம். கணவர் ஒரு ஓட்டலின் உணவகப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடைசி ஐந்து ஆண்டுகள் ஷிப்ட் மேற்பார்வையாளர். மனைவி ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்காளர். தில்லை நகரில் 600 சதுர அடியில் ஒரு கஃபே திறக்க விண்ணப்பிக்கிறார்கள். அவர்கள் எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது:

“எங்களுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சொத்து உள்ளது. இருவருக்கும் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. காபி மீது எங்களுக்கு மிகுந்த ஈடுபாடு. வாய்ப்புக் கொடுத்தால் கடினமாக உழைத்துத் தங்கள் நிறுவனத்துக்குப் பெருமை சேர்ப்போம்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவர் முடிவெடுக்க உதவும் செய்தியும் எதுவும் இல்லை.

எவ்வளவு பணம் தேவை

முதலீட்டைப் பற்றி எழுதுவதற்கு முன் தேவை எவ்வளவு என்று தம்பதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் நிறுவனம் கேட்கும் ஃபிரான்சைஸ் கட்டணம் 6 லட்சம். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1.08 லட்சம். மற்ற வணிகங்களில் கட்டிய வரியைத் தாங்கள் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ள முடியும். தனிக் கடையாக இயங்கும் கஃபே வாடிக்கையாளரிடம் 5 விழுக்காடுதான் ஜிஎஸ்டி வசூலிக்கிறது. அதற்கு ஈடாக அந்தக் கழிவு கிடைக்காது. ஆகவே அந்த 1.08 லட்சம் திரும்பி வராத செலவு. கட்டணம் மொத்தம் 7.08 லட்சம்.

கடையின் உள்வேலை, மேசை நாற்காலி, ஏசி, பெயர்ப் பலகைக்கு 13.5 லட்சம். காபி இயந்திரம், கொட்டை அரைக்கும் கிரைண்டர், குளிர்பெட்டிகள், தண்ணீர் வடிகட்டி ஆகியவற்றுக்கு 8.5 லட்சம். மாத வாடகை 60,000; ஆறு மாத அட்வான்ஸ் 3.6 லட்சம். முதல் சரக்கு, உரிமங்கள், பயிற்சி, திறப்புக்கு முந்தைய சம்பளம் எல்லாம் சேர்ந்து 2.32 லட்சம். கூட்டினால் 35 லட்சம்.

நிறுவனத்தின் விளம்பரத் தாளில் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையோடு கணக்கு முடிந்துவிடும். அதைப் படிக்கும்போது உள்வேலைக்கும் இயந்திரங்களுக்கும் சொல்லியிருக்கும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சேரவில்லை என்றால் 22 லட்சத்துக்கு 18 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 4 லட்சம் கூடிவிடும். இந்தத் தம்பதி கேட்டு, சேர்ந்திருக்கிறது என்று பதில் பெற்றிருக்கிறார்கள்.

அடுத்தது, திறந்த பிறகு தாக்குப்பிடிக்கும் பணம். வாடகை 60,000, ஐந்து பேர் சம்பளம் 90,000, மின்கட்டணம் 25,000, வங்கித் தவணை ஏறக்குறைய 32,600, இதர செலவு 12,400 என்று மாதச் செலவு 2.2 லட்சம் ஆகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் இது போயே தீரும். முதல் ஆறு மாதம் கடை தன் செலவில் பாதியைத்தான் ஈட்டும் என்று வைத்தால், கையிலிருந்து போட வேண்டியது 6.6 லட்சம். அதை 7 லட்சம் என்று முழுதாக்கினால் மொத்தத் தேவை 42 லட்சம். புதிய கடைகள் பல, சரக்கு சரியில்லாததால் அல்லாமல், இந்த 7 லட்சம் இல்லாததால் மூடப்படுகின்றன. ஃபிரான்சைஸ் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விண்ணப்பிப்பவரே இந்தத் தொகையைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் கடிதத்தின் மீது நம்பிக்கை வருகிறது.

சொத்தும் கைப்பணமும்

ஒரு கோடி ரூபாய் சொத்து என்று முதல் வரைவு சொன்னதைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கணவரின் பூர்விக வீட்டில் உள்ள பாதிப் பங்கு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து கையெழுத்திடாமல் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பதினைந்து ஆண்டு முதிர்வுள்ள பிபிஎஃப் கணக்கில் உள்ள பணமும் நினைத்த நேரத்தில் முழுதாகக் கைக்கு வராது. இவை சொத்து மதிப்பில் சேரும். கடை முதலீட்டில் சேராது. படிவங்களில் நிகர சொத்து மதிப்பு என்றும் ரொக்கமாக்கக் கூடிய பணம் என்றும் இரண்டு கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். முன்னதை எழுதிவிட்டுப் பின்னதை விட்டுவிடும் கடிதத்தைப் பார்த்ததும், பணம் முடங்கிக் கிடக்கிறது என்று படிப்பவர் முடிவு செய்வார்.

இந்தத் தம்பதியின் கைப்பணம் நான்கு இடங்களில் இருக்கிறது. இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகை 14.5 லட்சம். சேமிப்புக் கணக்கில் 2 லட்சம். மியூச்சுவல் ஃபண்டின் இன்றைய மதிப்பு 9 லட்சம். மனைவியின் தாயார் கொடுக்கும் 4 லட்சம். மியூச்சுவல் ஃபண்டைக் கடிதத்தில் 6.5 லட்சமாகத்தான் எழுதுகிறார்கள். விற்கும் நாளில் சந்தை இறங்கியிருக்கலாம், இலாபத்துக்கு வரியும் உண்டு என்பதால் இந்தக் கழிவு. ஆக மொத்தம் 27 லட்சம்.

தாயார் தரும் பணத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு கணக்கில் திடீரென்று விழும் 4 லட்சம், வங்கி அறிக்கையைப் படிப்பவரின் கண்ணில் உடனே படும். கடன் வாங்கிக் கணக்கை நிரப்பிக் காட்டுகிறார்களோ என்ற ஐயம் எழும். அதனால் பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். இது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று தாயார் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் உடன் இருக்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய பணமாக இருந்தால் அதைக் கடன் என்றே காட்டிவிடுவது நல்லது.

மீதி 15 லட்சம் வங்கிக் கடன். ஐந்து ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி என்றால் தவணை ஏறக்குறைய 32,600 வரும். “வங்கியில் கடன் வாங்கிக்கொள்வோம்” என்று எழுதுவதற்கும், “வங்கியில் பேசி, கொள்கையளவில் ஒப்புதல் கடிதம் பெற்றிருக்கிறோம்” என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. ஃபிரான்சைஸ் உறுதியாகாமல் வங்கி முழு அனுமதி தராது. கடன் உறுதியாகாமல் நிறுவனம் ஃபிரான்சைஸ் தராது. இந்த முடிச்சை அவிழ்ப்பது அந்தக் கொள்கையளவு ஒப்புதல்தான்.

இந்தத் தொகைகளுக்கெல்லாம் பட்டயக் கணக்காளரின் நிகர சொத்துச் சான்றிதழ் ஒன்றை இணைக்கிறார்கள். 2019 பிப்ரவரி முதல் பட்டயக் கணக்காளர் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் சரிபார்த்து, சான்றிதழ் உண்மையானதா என்று யாரும் தெரிந்துகொள்ளலாம். எண் இல்லாத சான்றிதழ் விண்ணப்பத்தின் மதிப்பைக் குறைத்துவிடும்.

அனுபவத்தை எழுதும் முறை

இருபது ஆண்டு அனுபவம் என்பது ஒரு கால அளவு மட்டுமே. அந்தக் காலத்தில் கையில் என்ன பொறுப்பு இருந்தது என்பதுதான் செய்தி. கணவர் ஷிப்டில் பதினான்கு பேரை மேற்பார்த்தவர். பணிப் பட்டியல் போட்டவர், இரவு கல்லாக் கணக்கு முடித்தவர், வாரம் ஒருமுறை சரக்கை எண்ணி ஏட்டுக் கணக்கோடு ஒப்பிட்டவர். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்டாக் பயிற்சியில் மேற்பார்வையாளர் சான்றிதழ் பெற்றவர். கஃபேயில் அன்றாடம் நடப்பதும் இதே வேலைகள்தான். இவற்றை இரண்டு வாக்கியத்தில் எழுதினாலே படிப்பவருக்குக் கடையில் நிற்கும் ஆள் கண்முன் வந்துவிடுவார்.

மனைவியின் வேலைக்கும் காபிக்கும் தொடர்பில்லை என்று முதல் வரைவில் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது பெரிய இழப்பு. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், வங்கிக் கணக்கோடு ஏட்டை ஒத்துப்பார்த்தல், சரக்கு தருபவர்களுக்கு நாள் தவறாமல் பணம் கொடுத்தல், காலாவதித் தேதி பார்த்துச் சரக்கைச் சுழற்றுதல் எல்லாம் அவருக்குப் பழகிய வேலை. மருந்துக்குப் போலவே பாலுக்கும் கேக்குக்கும் காலாவதித் தேதி உண்டு. நிறுவனத்துக்குச் செலுத்தும் ராயல்டி விற்பனைக் கணக்கை வைத்தே கணக்கிடப்படுகிறது. கணக்கில் பிழை வராது என்பது நிறுவனத்துக்கு நேரடியான நன்மை.

தெரியாததையும் கடிதம் சொல்லிவிட வேண்டும். கணவருக்கு எஸ்பிரெஸோ இயந்திரத்தில் பழக்கம் இல்லை. அந்த இயந்திரத்தில் 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் அளவுக்குக் காபி இறங்க ஏறக்குறைய 25 முதல் 30 வினாடி ஆக வேண்டும். பதினைந்து வினாடியில் இறங்கிவிட்டால் அரைப்பு பருமனாகிவிட்டது என்று பொருள். காபி நீர்த்து, புளிக்கும். நாற்பது வினாடி எடுத்தால் அரைப்பு மிக நைஸாகிவிட்டது, காபி கசக்கும். மழை நாளில் காற்றின் ஈரத்தால் இந்த அளவு மாறும். கிரைண்டரை அதற்கேற்பத் திருப்பி வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியாத இந்த வேலையை நிறுவனம்தான் பயிற்சியில் கற்றுத் தருகிறது. ஆகவே “இயந்திரப் பயிற்சி முழுவதையும் நானே நேரில் வந்து முடிப்பேன்” என்ற உறுதிமொழி, “காபியில் எங்களுக்கு ஈடுபாடு” என்பதைவிடக் கனமானது.

எழுதியவை எல்லாம் நேர்காணலில் சோதிக்கப்படும். ஒரு கப்புக்கு 150 மில்லி பால் என்றால் ஒரு லிட்டரில் எத்தனை கப், சிந்துவதும் ஜாடியில் மிஞ்சுவதும் போக உண்மையில் எத்தனை கப் என்று அதிகாரி கேட்கலாம். கணக்குப்படி ஆறு கப் வரும். அதோடு நிறுத்துபவர் ஏட்டுக் கணக்குக்காரர். அன்றாடம் ஆறு கிடைக்காது என்று காரணத்தோடு சொல்பவர் கடையில் நின்றவர்.

இடமும் விற்பனைக் கணக்கும்

விண்ணப்பத்துக்கு முன்பே கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. நிறுவனம் இடத்தை வந்து பார்த்து, முகப்பு அகலம், வண்டி நிறுத்தம், மின்இணைப்பின் திறன், பக்கத்திலுள்ள தன் மற்ற கடைகளின் தொலைவு ஆகியவற்றைப் பார்த்த பிறகே ஒப்புதல் தரும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முடங்கும். திருச்சித் தம்பதி இரண்டு இடங்களைப் பேசி வைத்திருக்கிறார்கள். எதற்கும் பணம் கொடுக்கவில்லை. அதைக் கடிதத்திலேயே சொல்கிறார்கள்.

வாடகை தாங்குமா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் பால், கொட்டை, கேக் போன்ற சரக்குக்கு 35 ரூபாய் போகிறது. பொதிக்கும் பொருளுக்கும் கார்டு கட்டணத்துக்கும் 3 ரூபாய். 6 விழுக்காடு ராயல்டியும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 7 ரூபாய். மிஞ்சுவது 55 ரூபாய். மாதச் செலவு 2.2 லட்சத்தை இந்த 55-இலிருந்து எடுக்க வேண்டுமானால் மாதம் 4 லட்சத்துக்கு விற்க வேண்டும். நாளைக்கு ஏறக்குறைய 13,300. ஒரு பில்லுக்குச் சராசரி 190 ரூபாய் என்றால் நாளைக்கு 70 பில். இது இலாப நட்டம் இல்லாத நிலை மட்டுமே; கணவருக்குச் சம்பளம் இதில் இல்லை. 60,000 வாடகை அந்த 4 லட்சத்தில் 15 விழுக்காடு. அதற்கு மேல் வாடகை போனால் இந்தக் கணக்கு நிற்காது.

கடிதத்தில் இந்தக் கணக்கு முழுவதும் வேண்டாம். “நாளைக்கு 70 பில் என்பது எங்கள் சமநிலை” என்ற ஒரு வரி போதும். விவரம் இணைப்பில் இருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்லத் தெரிந்தவர்களோடு நிறுவனம் வேறு விதமாகப் பேசும்.

திருத்திய கடிதம்

தேதி, முகவரி, “தில்லை நகர், திருச்சி: ஃபிரான்சைஸ் விண்ணப்பம்” என்ற பொருள் வரி ஆகியவற்றுக்குப் பிறகு கடிதம் இப்படி அமைகிறது:

“வணக்கம். திருச்சி தில்லை நகரில் 600 சதுர அடியில் தங்கள் நிறுவனத்தின் கஃபே ஒன்றை நடத்த நாங்கள் இருவரும் சம பங்குதாரர்களாக விண்ணப்பிக்கிறோம்.

தாங்கள் தந்த மதிப்பீட்டின்படி கடை திறக்க 35 லட்சம் ஆகிறது. முதல் ஆறு மாத நடப்புச் செலவுக்கு 7 லட்சம் தனியாக ஒதுக்கியுள்ளோம். 42 லட்சத்தில் 27 லட்சம் எங்கள் சொந்தப் பணம். 15 லட்சத்துக்கு வங்கியின் கொள்கையளவு ஒப்புதல் பெற்றுள்ளோம். வைப்புத்தொகை மீது கடன் எதுவும் இல்லை. வீட்டுப் பங்கையும் நகையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் கணவர் ஓட்டல் உணவகத்தில் பதினான்கு பேர் கொண்ட ஷிப்டை ஐந்து ஆண்டுகள் நடத்தியவர். வேலையை விட்டு முழுநேரமும் கடையில் இருப்பார். இயந்திரப் பயிற்சி முழுவதையும் அவரே முடிப்பார். நான் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்காளர். கடை திறந்து ஓராண்டு வரை என் வேலையில் தொடர்வேன். வீட்டுச் செலவு என் சம்பளத்தில் நடக்கும். கடையின் கணக்கை மாலையிலும் விடுமுறை நாளிலும் பார்ப்பேன். இதற்கு என் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இணைக்கப்பட்டுள்ளது.

இரண்டு இடங்களைப் பார்த்து வைத்துள்ளோம். தாங்கள் பார்த்து ஒப்புதல் தரும் வரை முன்பணம் கொடுக்கமாட்டோம். எங்கள் கணக்கில் நாளைக்கு 70 பில் சமநிலை. ஒப்பந்த வரைவையும், ஓராண்டுக்கு மேல் நடந்துவரும் தங்கள் ஃபிரான்சைஸ் கடைகளில் நாங்கள் நேரில் சென்று பேசக்கூடிய இரண்டின் முகவரியையும் அனுப்பினால் அடுத்த கட்டத்துக்கு ஆயத்தமாவோம்.”

இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கீழே இணைப்புகளின் பட்டியல்: நிகர சொத்துச் சான்றிதழ், ஆறு மாத வங்கி அறிக்கை, வங்கி ஒப்புதல் கடிதம், அன்பளிப்புக் கடிதம், பணிச் சான்றுகள், மனைவியின் நிறுவன அனுமதி, செலவுக் கணக்கு.

கடைசிப் பத்தியில் உள்ள வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் கொடுக்கும் நிறுவனம், கையெழுத்துக்கு அல்லது பணம் வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தைத் தந்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. கேட்காத விவரம் தானாக வராது. ஆகவே ஒப்பந்த வரைவையும் நடந்துவரும் கடைகளின் முகவரியையும் விண்ணப்பிப்பவரே கேட்க வேண்டியிருக்கிறது. தயங்காமல் தரும் நிறுவனம் அந்த அளவுக்கு நம்பத்தக்கது.

வரைவு வந்ததும் அதில் தனிநபர் பொறுப்பு பற்றிய பிரிவைத் தம்பதி முதலில் படிக்க வேண்டும். இருவரும் பங்குதாரர்களாகக் கையெழுத்திட்டால் கடையின் பாக்கிக்கு இருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். மனைவியின் சம்பளத்தை நம்பி வீடு நடக்கும் ஏற்பாட்டில், அவர் வெளியே நிற்பதா உள்ளே வருவதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யலாம். நிறுவனமும் வங்கியும் பெரும்பாலும் இருவர் கையெழுத்தையும் கேட்கும்.

முன்பதிவுக் கட்டணம் என்று தொகை கேட்டால், அது நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணையும் நிறுவனங்கள் விவகார அமைச்சகத்தின் பதிவையும் இணையத்தில் சரிபார்க்க வேண்டும். பெயர் பெற்ற உணவு நிறுவனங்களின் பெயரில் போலித் தளம் அமைத்துத் தனிநபர் கணக்குக்குப் பணம் வாங்கும் மோசடிகள் நடந்திருக்கின்றன. கடிதத்தோடு வங்கி அறிக்கையும் சொத்து விவரமும் போவதால், சரிபார்ப்பதை அனுப்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அறிக்கைகளில் கணக்கு எண்ணின் நடு இலக்கங்களை மறைத்து அனுப்பி, முழு ஆவணங்களை நேர்காணலில் நேரில் காட்டுவது பாதுகாப்பான வழி.